திரை மூலையில் இருந்த எண்

திண்டிவனத்தில் என் கடையில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து தருகிறேன். விழுப்புரத்தில் இருக்கும் அக்காவின் மகள், விடுமுறை நாட்களில் பஸ் ஏறி வந்து என் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவாள். கெட்டிக்காரி. வெளியூர் அணி ஒன்று அவளைத் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. திருட்டு வேலை ஏதும் செய்யவில்லை என்பதற்குச் சாட்சியாக, ஆடும்போதே திரையை முழுதாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி.

பதிவை நான்தான் அமைத்தேன். வீடியோவைச் சுருக்கும் வேலையை கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்றே இருக்கும் பகுதியிடமும் கொடுக்கலாம், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரிடமும் கொடுக்கலாம். கல்யாண வேலையில் நான் எப்போதும் பிராசசரிடம்தான் கொடுப்பேன், அதுவும் மெதுவான அமைப்பில். கோப்பின் அளவு கூடாமலேயே புடவைச் சரிகை தெளிவாக விழும். நேரம் ஆனால் ஆகட்டும். அதே பழக்கத்தில் இதற்கும் வைத்தேன்.

"படம் கண்ணாடி மாதிரி இருக்கும் பாரு."

"படம் கெடக்குது மாமா, கேம் இழுக்காம இருந்தா சரி."

ஆளில்லாத பயிற்சி மைதானத்தில் சோதித்தேன். வினாடிக்கு எத்தனை பிரேம், அதாவது எத்தனை படம், ஓடுகிறது என்று திரை மூலையில் எண் காட்டும்; அது குறைந்தால் ஆட்டம் இழுக்கும். நூற்று நாற்பது ஓடியது, பதிவு செய்தபோது பத்துதான் குறைந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆட்டம் அன்று பகலில் நடந்தது. நான் அவள் பின்னால் நின்றேன். எதிரிகள் கூடக் கூட, திரை மூலையில் இருந்த எண் தொண்ணூறானது, எழுபதானது. புகைக் குண்டு வெடித்தபோது நாற்பத்தைந்து. ஆட்டமும் பதிவும் ஒரே பிராசசரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. அவளோ குறியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஒருமுறை இடைவேளை கேட்க அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் மைக் திறந்திருந்தது. தெரியாதவர்கள் என் குரலைக் கேட்பார்களே என்று கூச்சம். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

தோற்றாள். "கைதான் மாமா மக்கர் பண்ணுது" என்று முகம் கழுவப் போனாள்.

அதே பயிற்சி மைதானத்தில், கம்ப்யூட்டரே ஆட்டும் எதிரிகளை நிரப்பி இரண்டு விதமாகவும் பதிவு செய்து ஓட்டிப் பார்த்தேன். பிராசசரில் அறுபதைத் தாண்டவில்லை. கார்டுக்கு மாற்றியதும் நூற்று முப்பதில் நின்றது. பதிவில் புல் மட்டும் கொஞ்சம் கலங்கித் தெரிந்தது, அவ்வளவுதான்.

கோளாறு கையில் இல்லை, நான் வைத்த அமைப்பில்தான் என்று திரும்பி வந்தவளிடம் சொன்னேன்.

"ஆடிக்கினு இருக்கும்போதே அந்த நம்பர பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"முதுக தட்டியிருந்தாக்கூட போதுமே மாமா. நிறுத்தியிருப்பேனே."

சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அணியின் மேலாளருக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் அவளும் கேட்டாள்.

"புரியுதுண்ணே. கிளிப் அனுப்புங்க, பாக்குறோம். ஆனா ரிசல்ட்டு மாறாது."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றேன்" என்றேன். "வேணாம் மாமா" என்றாள்.

பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டியிருக்கும், போனில் அவள் செய்தி வந்தது: 'கார்டுலயே இருக்கட்டும். மாத்தாதீங்க.' மறுபடி ஆட வருவாளா என்று கேட்டு எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். பிறகு மறுபடி எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.