உண்டியல் அண்ணன் போடாத பணம்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் யார் வேலையை விட்டுப் போனாலும் வசூல் செய்வது கேஷியர்தான். அதனால் அவருக்கு உண்டியல் என்றே பெயர் விழுந்துவிட்டது. கூப்பிட்டால் கோபமே வராது. "நிரம்பாத உண்டியல்" என்று அவரே திருத்துவார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஒரு பழுப்புக் கவரும் வாழ்த்து அட்டையும் மேசை மேசையாகப் போகும். அட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். கவரில் போடலாம், போடாமலும் நகர்த்தலாம். யார் போட்டார், யார் போடவில்லை என்பது கவருக்கே தெரியாது. சேர்ந்ததற்குத் தகுந்த பரிசு, அவ்வளவுதான்.

மைக்ராஸ்கோப் அக்கா ஊர் மாறிப் போகிறார் என்றதும் கவர் கிளம்பியது. முதல் மேசை டாக்டருடையது. நல்ல மனுஷர்; நல்லெண்ணத்தில் கவரின் மேலேயே 'டாக்டர் – ஐநூறு' என்று எழுதிவிட்டார். அடுத்தவர் சும்மா இருப்பாரா? அவரும் ஐநூறு. அதற்கடுத்தவர், 'முந்நூறு, மீதி அடுத்த மாதம்'.

மதியம் கவுன்ட்டருக்கு வந்து நின்றார் புயல். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருபவர். அவர் வண்டியின் ஆமை வேகத்தைக் கேலி செய்து வைத்த பெயர்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணும்."

"அன்னிக்குத்தானே மாப்ளே அக்காவுக்கு பிரிவு விழா?"

"வண்டி இஞ்சின் போச்சுண்ணே. இந்த மாசச் சம்பளமே மெக்கானிக்குக்கு. கவர் அடுத்து எங்கிட்டதான் வருதாம்."

ஊசி குத்தத் தெரியாமல் விழித்த புயலுக்குத் தன் கையையே நீட்டிப் பழக்கியவர் அந்த அக்கா. புயல் வராவிட்டால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

உண்டியல் போய்க் கவரை வாங்கி வந்தார். எழுத்தில்லாத புதுக் கவருக்குப் பணத்தை மாற்றினார். பழையதன் மேல் டீயை ஊற்றிவிட்டு, "ஐயையோ!" என்று ஊரைக் கூட்டினார்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, உண்டியல்ல ஓட்டையா?"

"பணம் பத்திரம் சார். கவர்தான் காலி. இனிமே மேல எழுதாதீங்க சார், மை ஊறுது." எல்லோர் முன்னாலும் அட்டையில் கையெழுத்துப் போட்டார். பர்ஸ் பக்கம் கையே போகவில்லை. கவரை அப்படியே நகர்த்தினார். "இந்த மாசம் நம்ம பங்கு இந்தக் கையெழுத்துதான்."

"வசூல்காரரே சும்மாவா?" என்று சிரிப்பு கிளம்பியது.

"சும்மாவும் ஒரு பங்குதானே! யாராவது கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். புயல் தலை குனிந்து நிற்பதையும் பார்த்தார். காதுவரை சிவந்து உள்ளே போய்விட்டார்.

கவர் புயலிடம் போனது. வந்த கனத்திலேயே நகர்ந்தது. அட்டைதான் நகரவில்லை.

"என்ன மாப்ளே, பரீட்சையா எழுதறே?"

"முன்பக்கம் எடமில்லைண்ணே. பின்பக்கம் எழுதலாமா?"

"எழுது, எழுது. லீவு?"

"எதுக்குண்ணே? வண்டி அதுக்குள்ள ரெடியாயிடும். அக்காவை அதுல கொண்டுபோய் ஸ்டேஷன்ல விடறதா சொல்லிட்டேன்."

"உன் வண்டியிலயா? அப்போ ரயிலைக் கொஞ்சம் நிக்கச் சொல்லணும்" என்றார் உண்டியல்.