கட்டைவிரலுக்கு எட்டாத பின்னம்

பெற்றோர் வைத்த பெயர் கல்லூரி வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மாணவர்களுக்கு அவர் கட்டைவிரல் சார். பதினான்கு வருடமாக அதே கல்லூரியில் முதலாண்டுக்கு நுண்கணிதம் எடுக்கிறார், பதினான்கு வருடமும் தற்காலிக விரிவுரையாளராக. தற்காலிகம் என்ற சொல்லை அவரளவுக்கு நீட்டி முழக்கியவர் அந்தக் கட்டடத்தில் வேறு யாருமில்லை. அதை அவரே சொல்லிச் சிரிப்பார், மற்றவர்கள் முந்திக்கொள்வதற்குள்.

கட்டைவிரல் என்ற பட்டம் சும்மா வரவில்லை. பகுதிப் பின்னம் பாடத்தில் அவர் ஒரு வித்தை காட்டுவார். (x + 5) / ((x − 1)(x + 2)) என்று பலகையில் எழுதுவார். "இதை இப்படியே தொகையிடச் சொன்னா நானே ஓடிப்போயிருவேன். ஆனா A / (x − 1), B / (x + 2) ன்னு ரெண்டாப் பிரிச்சுட்டா, ஒவ்வொண்ணும் ஒரு மடக்கை. ரெண்டு வரியில வேலை முடிஞ்சுது" என்பார். பிறகு இடது கட்டைவிரலால் (x − 1)-ஐ மூடி, மிச்சத்தில் x-க்கு 1 போடுவார். ஆறின்கீழ் மூன்று, A இரண்டு. (x + 2)-ஐ மூடி −2 போடுவார். B மைனஸ் ஒன்று. சமன்பாடு எழுதி, குணகம் ஒப்பிட்டு, அடித்துத் திருத்தி என்ற பாடே இல்லை. வகுப்பு வாயைப் பிளக்கும். அந்த வருடாந்தர வாய்பிளப்புக்காகத்தான் அவர் வேலைக்கே வருகிறார் என்று சொன்னாலும் தப்பில்லை.

கூடவே ஒரு சட்டமும் வைத்திருந்தார். பிரித்து முடித்ததும், தொகையிடுவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் x-க்கு பூஜ்யம் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில் அந்தப் பக்கம் −5/2, இந்தப் பக்கம் −2 − 1/2. சரி, மேலே போகலாம். விடைத்தாளில் இந்தச் சோதனை வரி இல்லையென்றால், விடை சரியாகவே இருந்தாலும் இரண்டு மதிப்பெண் போய்விடும். எத்தனையோ பேர் அழுது பார்த்தார்கள். அவர் மசியவில்லை. ஆனால் பலகையில் அவர் அந்த வரியை எழுதி வருடக்கணக்காகிறது. ஊருக்கு உபதேசம் செய்கிறவருக்குத் தனக்கென்று ஒரு விதிவிலக்கு வேண்டுமே, அதை அனுபவம் என்று சொல்லிக்கொண்டார்.

இந்த வருடம் நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியானது. அவரும் வெளியிலிருந்து ஒருவரும் விண்ணப்பித்திருந்தார்கள். நேர்காணலோடு, உண்மையான முதலாண்டு வகுப்பில் இருபது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தலைப்பு பகுதிப் பின்னம் என்று கேட்டதும் அவருக்கு உள்ளுக்குள் பூரித்துப் போனது. மீனுக்கு நீந்தத் தெரியுமா என்று தேர்வு வைக்கிறார்களே என்று நினைத்தார்.

வீட்டில் ஒத்திகை பார்த்தார். வெள்ளை நிறக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுதான் பலகை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவிதான் தேர்வுக்குழு. மூன்று கணக்கை ஐந்து நிமிடத்தில் போட்டுக் காட்டிவிட்டுத் துணியால் துடைத்தபோதுதான், கையிலிருந்தது அழியாத மைப் பேனா என்று தெரிந்தது.

"இந்த வீட்டுல நிரந்தரமா ஒண்ணாவது இருக்கட்டும்" என்றார் மனைவி. பிறகு கேட்டார். "ஏங்க, பசங்களுக்கு ஏதோ பூஜ்யம் போட்டுப் பாக்கணும்னு சொல்லுவீங்களே, நீங்க பாக்கவே இல்லையே?"

"எனக்கு எதுக்கு? கை பழகிப்போச்சு."

"பதினெட்டு வருஷமா நானும் மருந்து எடுத்துக் குடுக்கறேன். இன்னிக்கும் சீட்டு ஒரு தடவை, டப்பா ஒரு தடவை பாத்துட்டுத்தான் குடுக்கறேன்."

"அது உயிர் விஷயம்மா. இது வெறும் பின்னம்."

அந்தப் பதில் அவருக்கே பிடித்துப்போய், இன்னொரு தடவையும் சொன்னார்.

தேர்வு நாளன்று முதல் வரிசையில் மூன்று பேர். கல்லூரி முதல்வர், துறைத் தலைவர், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியை ஒருவர். பின்னால் நாற்பது மாணவர்கள், எல்லாரும் அவர் பிள்ளைகள்தான். கணக்கைப் பேராசிரியையே ஒரு துண்டுச் சீட்டில் கொடுத்தார். (3x² + 3x + 3) / ((x − 1)²(x + 2)). தொகையிடுக.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. "தொகுதியோட படி ரெண்டு. பகுதியோட படி மூணு. மேல கம்மி, கீழ ஜாஸ்தி. அதனால வகுக்க வேண்டிய வேலை இல்லை. இது மாறி இருந்தா முதல்ல வகுத்துட்டுத்தான் பிரிக்கணும்" என்றார். பேராசிரியை தலையசைத்தார். அந்தத் தலையசைப்புதான் அவரைக் கெடுத்தது.

இடது கட்டைவிரல் எழுந்தது. (x + 2)-ஐ மூடினார். x-க்கு −2. மேலே ஒன்பது, கீழே ஒன்பது. ஒன்று. அடுத்து (x − 1)²-ஐ மொத்தமாக மூடினார். x-க்கு 1. ஒன்பதின்கீழ் மூன்று. மூன்று. பலகையில் 3 / (x − 1)² + 1 / (x + 2) என்று எழுதி, கையோடு தொகையிட்டும் முடித்தார்: −3 / (x − 1) + ln|x + 2| + c. கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிடம். இருபதில் ஏழு. சாக்பீஸை மேஜையில் வைத்த தோரணையைப் பார்த்திருந்தால் நண்பனுக்கும் எரிச்சல் வந்திருக்கும்.

நான்காவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். போன தேர்வில் சோதனை வரி எழுதாததால் இரண்டு மதிப்பெண் இழந்தவள் அவள். மன்றாடி வந்தவளிடம், சட்டம்னா சட்டம்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"சார், ஜீரோ போட்டுப் பாத்தேன்" என்றாள். "அந்தப் பக்கம் மூணுக்குக் கீழ ரெண்டு வருது. இந்தப் பக்கம் மூணும் அரையும் சேந்து, ஏழுக்குக் கீழ ரெண்டு வருது. நான்தான் தப்பாப் போட்டுட்டேனா சார்?"

பக்கத்திலிருந்தவள் அவள் முழங்கையில் இடித்தாள். இன்றைக்குப் போய்க் கேட்கிறாயே என்று அர்த்தம்.

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணத்தில் புரிந்துவிட்டது. (x − 1) வர்க்கமாக வந்தால் அதற்கு இரண்டு பின்னம் வேண்டும். வர்க்கத்தோடு ஒன்று, வர்க்கமில்லாமல் ஒன்று. "அண்ணனை விருந்துக்குக் கூப்பிட்டுட்டுத் தம்பியை விட்டுட்டா வீட்டுல சண்டைதான்" என்று வருடாவருடம் சொல்லிச் சிரிக்க வைக்கும் இடம் இது. அந்தத் தம்பியைக் கட்டைவிரலால் பிடிக்கவும் முடியாது. இரண்டு (x − 1)-இல் ஒன்றை மட்டும் மூடி x-க்கு 1 போட்டால், மிஞ்சியது கீழே பூஜ்யமாக வந்து நிற்கும். அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். நிரந்தர வேலை என்ற நினைப்புக்கு நடுவே தம்பி மறந்துபோனான்.

பேராசிரியை புன்னகைத்தார். நல்ல மனுஷி. "பசங்க சரிபார்க்கிறாங்களான்னு பாக்க வேணும்னே விட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

கதவை அகலத் திறந்து, உள்ளே வாருங்கள் என்று நாற்காலியும் போட்டாயிற்று. ஆமாம் என்று ஒரு சொல். சொல்லிவிட்டால் தவறு உத்தியாகிவிடும், பதினான்கு வருடம் ஒரு முடிவுக்கு வரும். அவர் வாய் ஆ என்ற எழுத்துக்காகத் திறந்தும் விட்டது. நாற்பது பேரும் நோட்டில் அந்தத் தப்பை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் தன் நோட்டைப் பார்த்தபடி, எங்கே தப்புவிட்டோம் என்று விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் தப்பைத் தன்னிடம் தேடுவதைப் பார்த்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. திறந்த வாயை வேறு எதற்காவது பயன்படுத்தியாக வேண்டும்.

"இல்லைங்க மேடம். தப்பாத்தான் போட்டேன்" என்றார்.

பலகையின் மேல்மூலையில் −2 என்று எழுதி வட்டம் போட்டார். "சோதனை வரி எழுதாததுக்கு எனக்கு ரெண்டு மார்க் போச்சு" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். துறைத் தலைவர் சிரிக்கவில்லை.

"நீ போட்டது சரிதாம்மா. இப்ப உன் கணக்கை வெச்சே சரி பண்ணுவோம். விட்டுப்போனது A / (x − 1). பூஜ்யம் போட்டா அது மைனஸ் A. நமக்கு வந்தது ஏழுக்குக் கீழ ரெண்டு, வரவேண்டியது மூணுக்குக் கீழ ரெண்டு. எவ்வளவு ஜாஸ்தி?"

"ரெண்டு சார்."

"அப்ப A எவ்வளவு?"

"ரெண்டு."

"வேற வழியிலயும் பாத்துக்கலாம். x² குணகம், A-யும் அந்த ஒண்ணும் சேந்து மூணு வரணும். அங்கயும் ரெண்டுதான்." விடையைத் திருத்தி எழுதினார்: 2 ln|x − 1| − 3 / (x − 1) + ln|x + 2| + c. மணி பார்த்தார். இருபது நிமிடம் சரியாக முடிந்திருந்தது.

அன்று மாலை நடந்ததையெல்லாம் மனைவியிடம் ஒப்பித்தார். "ஆமான்னு சொல்லியிருந்தா வேலை கிடைச்சிருக்கும்ல?" என்று தானே கேட்டும் வைத்தார்.

மனைவி குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த பின்னத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "மருந்தை மாத்திக் குடுத்துட்டு, வேணும்னேதான் குடுத்தேன்னு நான் சொல்ல முடியுமாங்க?"

வேலை மற்றவருக்குப் போனது. அவர் பிசிறில்லாமல் பாடம் நடத்தினாராம். நம்மவருக்கு வலித்தது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தன்னுடைய நேர்மையை நினைத்துப் பெருமைப்படலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பூஜ்யம் போட்டுப் பார்த்திருந்தால் நேர்மைக்கு வேலையே வந்திருக்காதே. பதினைந்தாவது வருடத் தற்காலிக ஆணையில் கையெழுத்துப் போட்டார்.

பருவத் தேர்வில் வர்க்கக் காரணியோடு ஒரு கணக்கு வந்தது. நாற்பது தாளில் முப்பத்தேழில் தம்பி முதலிலேயே ஆஜர். நாற்பதிலும் சோதனை வரி இருந்தது. விட்டுவிட்ட மூன்று பேரில் இரண்டு பேர் அந்த வரியில் கணக்கு இடிப்பதைப் பார்த்து, அடித்துத் திருத்தியிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் தாளைக் கூட்டினார். எண்பத்தொன்று. மேலே எழுதிவிட்டு அடுத்த தாளை எடுத்தவர், என்னவோ தோன்றி, பழைய தாளைத் திரும்ப இழுத்து இன்னொரு தடவை கூட்டினார். பதினான்கு வருடத்தில் ஒரு தாளை அவர் இரண்டு முறை கூட்டியது அதுதான் முதல் தடவை.

எண்பத்துமூன்று வந்தது.

எண்பத்தொன்றை அடித்துத் திருத்தினார். பிறகு அலமாரியைத் திறந்து, போன தேர்வின் நாற்பது தாள்களையும் மேஜைக்குக் கொண்டுவந்தார்.