சோப்பில் ஏறாத பெயர்

என் கணவரின் பெயரை இதில் எழுதப் போவதில்லை. நவரத்தினங்களில் சிவப்பாக ஜொலிக்கும் கல் ஒன்று உண்டே, பவளம் இல்லை, மற்றது, அதுதான் அவர் பெயர். இந்தக் காலத்தில் இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். பக்தி ஒன்றும் இல்லை. அவரோடு நான் போட்ட சண்டைகளைக் கேட்டால் யாரும் பக்தி என்று சொல்ல மாட்டார்கள். நாக்கு அப்படிப் பழகிவிட்டது, அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். என் வகுப்பில் அதே பெயரில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். அந்த வருஷம் முழுக்க வருகைப் பதிவில் அவனை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. நாங்கள் புதுக்கோட்டையில் குடியிருந்தோம். ஒரு பம்பாய் சோப்புக் கம்பெனிக்கு இந்த வட்டாரத்தில் அவர்தான் விற்பனைப் பிரதிநிதி. கம்பெனி புதிதாக ஒரு சிவப்புக் குளியல் சோப்பு கொண்டுவரப் போவதாகவும், தெற்கே நாலு மொழியிலும் ஒரே நாளில் இறக்கப் போவதாகவும் மெட்ராஸ் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. முதலில் வைத்த பெயர் தமிழில் வயிற்றுப்போக்கை ஞாபகப்படுத்தியதாம். அதை அச்சடித்த லேபிளோடு தூக்கிப் போட்டுவிட்டு, இந்தத் தடவை உஷாராக நாலு மொழிக்காரர்களுக்கும் புரிகிற ஒரு பெயரைப் பிடித்திருந்தார்கள். தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றிலும் வால் மட்டும் கொஞ்சம் மாறும், கல் அதே கல்தான்.

கடிதத்தைப் படித்ததும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் பெயர், நாலு மொழியில், லட்சக்கணக்கான சோப்பில்! மறுநாளே ஊரிலிருந்த அப்பாவுக்குக் கார்டு எழுதிப் போட்டார். எதிர்வீட்டுத் தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இரண்டு தடவை சொன்னார்.

கடிதத்தோடு ஒரு படிவமும் ஒரு பெட்டி மாதிரி சோப்பும் வந்திருந்தன. பெயருக்குத் தமிழில் கெட்ட அர்த்தம் உண்டா, வசவு மாதிரி காதில் விழுகிறதா, சாதி சாமி எதையாவது புண்படுத்துமா என்று கேள்விகள். பதினைந்து நாளில் விசாரித்து நிரப்பி அனுப்ப வேண்டும். இவர் மூன்றே நாளில் விசாரித்து முடித்தார். கீழராஜவீதிக் கடைக்காரர்கள், காபி கிளப்பில் இருந்தவர்கள், பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "அருமையான பேருங்க" என்றார்களாம். பின்னே? கேட்கிற ஆளுக்கே அந்தப் பெயர். முகத்துக்கு நேரே யார் குறை சொல்லுவார்கள்?

நான் அதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. மாதிரி சோப்பை என் கையில் கொடுத்து, "நீதான் டீச்சராச்சே, நீயே வாசிச்சுப் பாரு, எங்கயாச்சும் தட்டுதான்னு சொல்லு" என்றார்.

நான் வாசித்தேன். உயர்ந்த வாசனை, சருமத்துக்கு இதமானது, எடை, பம்பாய் விலாசம், எல்லாம். பெரிய எழுத்தை மட்டும் தாண்டிவிட்டேன்.

"மேல இருக்கறத விட்டுட்ட."

"அதை நான் எப்படிங்க சொல்றது?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. "என்னங்க, சோப்பு வாங்கறது யாரு? பொம்பளைங்க. இந்த ஊருல தெருவுக்கு நாலு பேருக்கு உங்க பேருதான். மாமனாரு, கொழுந்தனாரு பேரும் சொல்லக்கூடாது. கடையில போயி என்னன்னு கேப்பாக?"

"நீ ஒருத்தி சொல்லாட்டி ஊரே சொல்லாதா?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"நல்லாருக்கான்னு கேக்காதீங்க. கடையில வச்சுட்டு, என்ன சொல்லி வாங்குறாகன்னு மட்டும் பாருங்க" என்றேன். ரோஷத்தில் சரி என்றுவிட்டார். "நீயும் வா, வந்து நல்லாப் பாரு" என்றார்.

இலுப்பூரில் அவருக்குத் தெரிந்த மளிகைக்கடை ஒன்று. பழகிய சோப்புக்குப் பக்கத்தில் புதியதையும் அடுக்கி, வருகிறவர்களிடம் பெயரைச் சொல்லிக் காட்டும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலையிலிருந்து நாங்கள் இருவரும் உள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். நோட்டும் பென்சிலும் அவர் மடியில்.

ஆண்கள் இரண்டு பேர் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். "அந்தச் செவப்பு சோப்பு" என்றாள் ஒருத்தி. கடைக்காரர் வேறொரு சிவப்பு சோப்பை எடுத்துக் கொடுத்தார், அவளும் பேசாமல் வாங்கிப் போனாள். இன்னொருத்தி விரலை நீட்டினாள், பிறகு எதற்கு வம்பு என்று பழைய சோப்பையே பெயர் சொல்லி வாங்கினாள். பருத்த உடம்புக்காரி ஒருத்தி மட்டும் கூசவே இல்லை. "அண்ணே, எங்க வீட்டுக்காரரு ஒண்ணு குடுங்க" என்றாள். கடையே சிரித்தது. கடைக்காரர், "முழுசா வேணுமா, பாதி போதுமா?" என்று கேட்க, அவள், "பாதியே தாங்க முடியல" என்றாள். நான் மூட்டைக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். இவரும் சிரித்துவிட்டார். ஆனாலும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மத்தியானம் ஒரு சின்னப் பெண் வந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்தாள், அவளுக்குப் பிடித்திருந்தது. உறையைப் பிரித்தாள். சோப்பின் மேலும் அந்தப் பெயர் அழுத்தமாகப் பதிந்திருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தவள் சட்டென்று கீழே வைத்துவிட்டாள்.

"ஏம்மா, வாசனை நல்லால்லையா?" என்றார் கடைக்காரர்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு. அவுக பேரு போட்டிருக்கு. இத எப்படிங்க காலுல தேய்க்கறது? தெனம் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போயிரும்ல." சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. மிளகாய் மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

இவர் அதை எழுதவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை பஸ்ஸில் நோட்டைத் திறக்கவே இல்லை. ஜெயித்தது நான்தான், ஆனால் எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாமே, மனுஷன் ஆசையாகத் திரிந்தாரே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

காபியைக் கொண்டுபோய் வைத்து, "படிவத்துல இதப்பத்திக் கேள்வியே இல்லையே. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதி அனுப்பிருங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அவர் பெயர் சோப்பில் வர வேண்டும் போலிருந்தது.

"அந்தப் புள்ள மொகத்தப் பாத்தியா?" என்றார்.

கெட்ட அர்த்தம் இல்லை, வசவு இல்லை, யாரையும் புண்படுத்தாது என்று ஒவ்வொன்றாக நிரப்பினார். பிறகு தாளைத் திருப்பிப்போட்டு, இலுப்பூர் கடையில் பார்த்ததையெல்லாம் எழுதினார். பெண்கள் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள் என்றும், மனிதர்களுக்கு வைக்கிற எந்தப் பெயரும் சோப்புக்கு வேண்டாம் என்றும் எழுதினார். கடைசி வரியை எனக்கு வாசித்தும் காட்டினார்: "ஆகவே, தமிழ் ஜில்லாக்களில் இந்தப் பெயரைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கம்பெனிக் கடிதங்களில் வெறும் இனிஷியலைக் கிறுக்கிவிடுவதுதான் அவர் வழக்கம். அன்று பேனாவை மையில் நன்றாகத் தோய்த்து, அந்த வரிக்குக் கீழே, தன் பெயரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.