பாசிப்பயற்றில் வெள்ளைப் புள்ளி

சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர் கை எத்தனை சோப்புப் போட்டாலும் சுத்தமாகாது. நகக்கண்ணில் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருக்கும். அந்தக் கையோடு அடுக்களைக்குள் நுழைந்தால் அவர் மனைவி கரண்டியை ஓங்குவாள்: “கையைக் கழுவிட்டுத் தொடுங்க.”

அவள் போய்ச் சேர்ந்த பிறகு அரிசி டப்பா எத்தனையோ தடவை காலியாகி நிரம்பிவிட்டது. பாசிப்பயறு டப்பாவிலிருந்து மட்டும் அவர் ஒரு பிடிகூட எடுத்துச் சமைக்கவில்லை. அவள் கடைசியாக நிரப்பி வைத்தது அது. சில சாயங்காலங்களில் வேலைவிட்டு வந்ததும் அதைத் திறந்து, கையை உள்ளே விட்டு அளைந்துவிட்டு மூடிவைப்பார். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தவருக்குப் பகீரென்றது. பயறு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். தன் கைப் பெயின்ட்தான் உதிர்ந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்தார். டப்பாவைப் படம் பிடித்து, கேன்டீன் நடத்தும் மச்சினிக்கு அனுப்பி, கழுவினால் போய்விடுமா என்று கேட்டார். ஒரு பிடி அள்ளிக் கறுப்புத் தட்டில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொன்னாள் அவள். அனுப்பியதும் போன் அடித்தது.

“அத்தான், பெயின்ட் எங்கயாவது ஓட்டை போடுமா? படத்தைப் பெருசாக்கிப் பாருங்க.”

பார்த்தார். ஊசியால் குத்தியதுபோல் வட்ட வட்டமாக ஓட்டைகள். அந்த வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் வண்டு ஒட்டவைத்த முட்டைகள் என்றாள். புழு பயற்றைக் குடைந்து உள்ளேயே வளர்ந்து, வண்டாகி ஓட்டை போட்டு வெளியே வருமாம்.

“தட்டு ஓரத்துல ரெண்டு வண்டு நிக்குதே, அதைக் கடுகுன்னு நெனச்சீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. அரிசிக்கும் வருமா என்று கேட்டார். இந்த வண்டு அரிசி பக்கம் போகாது, கொண்டைக்கடலையைத்தான் தேடிப் போகும், அதைப் பாருங்கள் என்றாள். பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

“எல்லாமே போச்சாம்மா?”

அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். போனவள் அவளுக்கும் அக்காதானே.

“ஓட்டை விழுந்தது, புள்ளி வச்சது எதுவும் வேண்டாம் அத்தான். பையில இறுக்கிக் கட்டி இன்னைக்கே வெளிய போட்டுடுங்க. புள்ளியில்லாத முழுப் பயறா இருந்தா பொறுக்கி ஃப்ரீசர்ல ஒரு வாரம் வைங்க. அப்புறம் கழுவி வேகவச்சுடுங்க. திரும்ப டப்பாவுல போட்டு மூடி வைக்காதீங்க. சாப்பிடத்தான் அக்கா வாங்கி வச்சா.”

கொண்டைக்கடலை சுத்தமாக இருந்தது. பயற்றில் பொறுக்கத் தேறியது ஒரு டம்ளர்கூட இல்லை. மிச்சத்தைக் கட்டித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு அடுப்பைப் பற்றவைத்தார். மூன்று நாளாக வேலைக்கே போகவில்லை. கையில் பெயின்ட் வாடைகூட இல்லை. ஆனாலும் பயற்றைத் தொடுமுன் குழாயைத் திறந்து, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவிக்கொண்டார்.