குரங்கு தின்ற மல்லாட்டை

என் சித்தி எழுதிய பொம்மை நாடகத்தை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். இருபது தடவையும் அதே அணில், அதே குரங்கு, அதே பொய். குரங்கு உண்மையை ஒப்புக்கொள்வதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். சித்திக்கும் வந்திருக்கும். திரைக்குப் பின்னால் இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். சித்தி திண்டிவனத்துப் பக்கத்தில், ஊர் ஊராகப் போகிற அரசாங்கக் கிராம சேவிகாவாக இருந்தாள். சித்தப்பாவுக்கு விழுப்புரத்தில் ரயில்வே வேலை. கல்யாணமாகி மூன்று வருஷமாக அவர் அங்கே, இவள் இங்கே. சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துணி துவைத்துப் பாத்திரம் துலக்கி, திங்கட்கிழமை விடியலில் திரும்புவாள். அதற்குக் குடித்தனம் என்று பேர். அவள் திண்டிவனத்தில் தனியாக இருக்கக் கூடாதென்று வீட்டார் என்னைத் துணைக்கு அனுப்பியிருந்தார்கள். எட்டு வயதுத் துணை. சித்தி விழுப்புரத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். அதிகாரியம்மா நேரில் வந்து இவள் வேலையைப் பார்த்து நல்லபடியாக ஒரு வரி எழுதினால் போதும், கிடைத்துவிடும் என்றார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பொம்மை காட்டி நல்லது சொல்வதும் அவள் வேலையில் ஒரு பங்கு. பழைய செய்தித்தாளை ஊறவைத்து இடித்து, புளியங்கொட்டைப் பசை சேர்த்து, அவளே தலைகளைப் பிடித்தாள். கழுத்தில் ஆள்காட்டி விரல் நுழைய ஒரு ஓட்டை. கட்டைவிரலும் நடுவிரலும் பொம்மையின் கைகள். சித்திக்கு இரண்டே கை என்பதால் நாடகத்தில் எந்நேரமும் இரண்டு பேர்தான்: வலது கையில் அணில், இடது கையில் குரங்கு. கதையில் ஒரு பூனையும் உண்டு. அதன் மேல் பழி மட்டும் விழும், மேடைக்கு அது வரவே வராது.

நாடகத்தை நோட்டில் நடுவே கோடு போட்டு எழுதியிருந்தாள். இடது பக்கம் பொம்மை பேசுவது, வலது பக்கம் பிள்ளைகள் சொல்ல வேண்டியது. அணில் ஒரு கூடை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகும். போகுமுன், “பசங்களா, என் கூடையைப் பாத்துக்கிறீங்களா?” என்று கேட்கும். வலது பக்கம்: “பாத்துக்கிறோம்.” குரங்கு வந்து அத்தனையையும் தின்றுவிட்டு, “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று வாயில் விரல் வைக்கும். அணில் திரும்பி வந்து யார் எடுத்தது என்று கேட்க, குரங்கு பூனையைக் கைகாட்டும். அப்போது பிள்ளைகள், “பொய், பொய், குரங்குதான்” என்று கத்த வேண்டும். அணில் காதில் கைவைத்து, “என்னது? கேக்கலையே” என்று மூன்று தடவை கேட்கும். ஒவ்வொரு தடவையும் சத்தம் கூடும். கடைசியில் குரங்கு தலை குனிந்து ஒப்புக்கொள்ளும். அணில் அதை அடிக்காமல், உள்ளே ஒளித்து வைத்திருந்த மல்லாட்டையில் பாதியைக் கொடுக்கும். உண்மையைச் சொன்னால் மனசும் நிறையும் வயிறும் நிறையும் என்று எல்லாரும் சேர்ந்து சொல்வதோடு முடியும்.

அந்தக் கத்தல் நீதிக்காக மட்டும் வைத்ததல்ல. கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கால் மணி நேரம் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. பிள்ளைகள் கத்தும்போது யாரும் பொம்மையைக் கவனிப்பதில்லை. அந்த நேரத்தில்தான் அவள் கையைத் திரையின் விளிம்பில் சாய்த்து ஆற்றிக்கொள்வாள். அவர்கள் கத்தாவிட்டால் சித்திக்கு ஓய்வு கிடையாது.

புதுமுகத்தைக் கண்டால் கிராமத்துப் பிள்ளைகள் வாயைத் திறக்கமாட்டார்கள். அதற்குத்தான் நான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் கூட்டிப்போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைப்பாள். நோட்டில் வலது பக்கத்துக்கும் கீழே பென்சிலில் ஒரு குறிப்பு இருக்கும்: ‘பேசாமல் இருந்தால் மூன்று எண்ணவும், பாப்பா கத்தும்.’ நான் ஒரு தடவை கத்தினால் மற்றவர்களுக்கும் வாய் வந்துவிடும். யாராவது கேட்டால் இந்த ஊர்தான் என்று சொல்லச் சொல்லியிருந்தாள். நாடகமோ பொய் சொல்லாதே என்றது. இதில் முரண் இருப்பதாக எனக்கு அப்போது படவில்லை.

அதிகாரியம்மா வந்தது பெருமுக்கல் மலை தெரிகிற ஒரு சின்ன ஊரில். மல்லாட்டை பிடுங்குகிற காலம். பெரியவர்கள் எல்லாரும் கூலிக்கு அடுத்தவர் நிலத்தில், கொல்லையில் இருந்தார்கள். பிள்ளைகளை மட்டும் கூட்டி வைத்துச் சித்தி ஒரு புடவையைத் திரையாக இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டினாள். அதற்கு முன்தினம்தான் அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கட்டும்போதே இரண்டு தடவை கையை இறக்கி ஆற்றிக்கொண்டாள்.

குரங்கு தின்றது. அணில் வந்து கேட்டது. யாரும் பேசவில்லை. அணில் மறுபடி கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப்பையன் மட்டும் மெதுவாகச் சொன்னான்:

“பசிச்சிது, துன்னுடுச்சி. வுட்டுடு அணிலு.”

மற்றப் பிள்ளைகளும் ஆமாம் என்பதுபோல் அணிலையே பார்த்தார்கள். கொல்லையில் ஒரு கைப்பிடி மல்லாட்டை எடுத்து, யாரோ சொல்லிவிட்டதால் அடி வாங்கிய பிள்ளைகள் அதில் எத்தனை பேரோ. சித்தியின் நோட்டில் கத்தினால் என்ன செய்வது என்று இருந்தது, பேசாமல் இருந்தால் என்ன செய்வது என்று இருந்தது. விட்டுவிடச் சொன்னால் என்ன செய்வது என்று எங்கும் இல்லை.  அணிலின் தலை மெல்லச் சரிந்தது. சித்திக்குக் கை வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மனசுக்குள் மூன்று எண்ணி, “பொய், குரங்குதான்” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் இருந்த பெண் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். நான் ஒருத்தியே மூன்று தடவையும் கத்தி நாடகத்தை முடித்துக் கொடுத்தேன்.

அதிகாரியம்மா என்னை அழைத்து, நீ மட்டும்தான் உண்மையைச் சொன்னாய், யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். அத்தனை பெரிய பாராட்டுக்குப் பிறகு எப்படிப் பொய் சொல்வது? அவங்க எங்க சித்தி, எல்லா ஊரிலும் நான்தான் முதலில் கத்துவேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் திரையை அவிழ்த்துக்கொண்டிருந்த சித்தியிடம் திரும்பினார்.

“பிள்ளைங்க வாயைத் தொறக்கலை. தொறந்த ஒண்ணும் உங்க வீட்டுது. இந்த வருஷம் உங்க மாற்றலுக்கு நான் எழுத முடியாதும்மா.”

சித்தி சரிங்கம்மா என்றாள். பொம்மைகளைப் பையில் போட்டாள். பஸ்ஸுக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டவில்லை. ஏன் திட்டுவாள், நான் தப்பே செய்யவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை விழுப்புரத்தில் சித்தப்பா எங்களுக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார். உட்கார்ந்ததும் மாற்றலைப் பற்றித்தான் கேட்டார்.

“இங்க எடம் காலி இல்லியாம்” என்றாள் சித்தி.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். மூன்று எண்ணினேனா என்று நினைவில்லை. “சித்தி பொய் சொல்லுது” என்று கத்தினேன். அதிகாரியம்மா கேட்டதையும், நான் சொன்னதையும், அவர் மாற்றலுக்கு எழுத மாட்டேன் என்றதையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். சித்தப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். என் பக்கம் கோபமாகத் திரும்பப் போனவரைச் சித்தி தடுத்தாள்.

“கொழந்தைய ஒண்ணும் கேக்காதீங்க. இன்னும் ஒரு வருஷம் வந்து போய்க்கினு இருக்கறேன்.”

அவர் தட்டிலேயே கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். பொய் சொல்லிப் பிடிபட்டவள் சித்தி. அவள் என்னைப் பார்த்து முறைக்காமல், என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிச் சாப்பிடச் சொன்னது ஏன் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.