ஈஸ்வரபாண்டி எழுதிக் கொடுத்த காகிதம்

கம்பத்தில் ஜெபஷீலா கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டுப் பன்னிரண்டு வருடமாகிறது. இன்னும் உள்ளே வருகிறவர்கள், "மெக்கானிக் இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். பத்திரம் எழுதும் ஈஸ்வரபாண்டியும் அப்படித்தான் கேட்டுக்கொண்டே சிபியுவை மேசைமேல் தொப்பென்று வைத்தார்.

"பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பை நிறுத்திட்டாகளாம். பதினொண்ணப் போட்டு வையி. சாயங்காலம் வாறேன்."

ஏழெட்டு வருடத்து மெஷின். புது விண்டோஸை ஏற்கும் ரகம்தான். ஆனால் ராம் நாலு ஜிபி; போட்டாலும் ஊர்ந்துதான் போகும். அது கூடப் பரவாயில்லை. ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தபோது, படிக்க முடியாத இடங்கள் நூற்றுக்கு மேல் காட்டியது.

சாயங்காலம் அவரிடம் சொன்னாள். "இப்ப விண்டோஸ் ஏத்துனா டிஸ்க்கு தாங்காது சார். மொதல்ல உள்ள இருக்கறதக் காப்பி எடுப்போம். எஸ்எஸ்டின்னு புது டிஸ்க்கு மாட்டி, ராமையும் கூட்டிட்டு, அப்பறம் ஏத்துவோம்."

"நல்லா ஓடுற மெஷினக் கழட்டிப் போட்டு எந்தலையில சாமானத்தக் கட்டப் பாக்கறியா? பொம்பளகிட்டக் குடுத்தது எம்புத்தி!"

கடைவாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் கனன்றது. சிபியுவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதைத் தேனிக்குக் கொண்டுபோனார். அங்கே யாரோ சோதிக்காமலே விண்டோஸை ஏற்றினார்கள். அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது. அப்புறம் டிஸ்க்கிலிருந்து டிக் டிக்கென்று சத்தம். கம்ப்யூட்டர் எழும்பவே இல்லை. உள்ளே ஆறு வருடத்துப் பத்திர நகல்கள்.

மூன்றாம் நாள் ஈஸ்வரபாண்டி சிபியுவோடு திரும்பி வந்தார், கோபம் குறையாமல்.

"நீ கழட்டிப் பாத்தப்பவே கெடுத்துட்ட. எனக்குத் தெரியும். உள்ள இருக்கறத நீயே எடுத்துக் குடு."

ஜெபஷீலா வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினாள்.

"பத்திரம் எழுதுறவுகதானே? டிஸ்க்கு ஏற்கெனவே பழுது, நான் சொல்லியும் கேக்காம வெளிய குடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்பத்தான் தொடுவேன்."

"திமிரப் பாரு!"

"அப்ப எடுத்துட்டுப் போங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, பழுதான இடங்களைத் தாண்டித் தாண்டி நகலெடுத்தாள். சூடானால் நிறுத்துவாள், ஆறியதும் தொடங்குவாள். நாலு நாள் ஆனது. ஒரு வருடத்துக் கோப்புகள் போனது போனதுதான். மிச்சம் தேறியது. எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகவே ஏற்றி, ராமை எட்டாக்கி, தேறியதை அதில் போட்டுக் கொடுத்தாள்.

பொத்தானை அமுக்கியவர் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை வந்துவிட்டது. கோப்புகளைத் திறந்து திறந்து பார்த்தார்.

"ஒரு வருசத்தக் காணோமே?"

"சொன்ன அன்னைக்கே காப்பி எடுத்திருந்தா அநேகமா முழுசும் தேறியிருக்கும்."

"அந்தத் தாளக் குடு."

"அது எங்கிட்ட இருக்கட்டும்."

அவர் கம்பம் முழுக்க அவளைப் பற்றி ஏசிக்கொண்டு திரிந்தார். அவள் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டினாள்.