மூன்றாம் நாள் படங்கள்

சிப்ஸ் தொழிற்சாலையில் அவளுக்கு 'எக்ஸ்ரே அக்கா' என்று பெயர். உருளைக்கிழங்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து எடுத்த படங்களைத் திரையில் பார்த்து, உள்ளே கோளாறு உண்டா என்று சொல்வது அவள் வேலை. நட்டநடுவில் நட்சத்திரம் போல வெடித்திருந்தால் குழிநெஞ்சு. தோலை ஒட்டிச் சாம்பலும் கருப்புமாகத் திட்டு இருந்தால் அடிபட்ட கரும்புள்ளி. கத்தி இழுத்துவிட்ட அழுக்கையும், ஈரத்தின் பளபளப்பையும், படம் எடுக்கத் தாமதமானதால் பழுப்பேறிய சதையையும் புள்ளி என்று எண்ணிவிடக் கூடாது. பதினோரு வருடத்தில் அந்த விஷயத்தில் அவள் கண் பிசகியதில்லை.

கணவன் இறந்து ஏழு மாதமாகிறது. பதினேழாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். "கல்லு மாதிரி இருக்கா" என்று சிலர் மெச்சினார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். அழ வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தாள், வரவில்லை. உடனிருக்கும் நாத்தனார்தான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசுவாள், அழுவாள், சண்டையும் போடுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவளுடைய மேஜை தொலைபேசி அடித்தது. குளிர்கிடங்கில் கிழங்கு வைத்து அனுப்பும் ஒரு விவசாயி.

"அம்மா, என் சரக்குல ரெண்டு லோடும் கரும்புள்ளின்னு கழிச்சிட்டீங்க. மூணாவது லோடு நாளைக்கு வருது. அதுவும் போச்சுன்னா என்னைப் பட்டியல்ல இருந்தே எடுத்துடுவாங்களாம். ஏத்துறதுக்கு முன்னாடி நானே அறுத்துப் பார்த்தேன்மா, வெள்ளை வெளேர்னு இருந்துச்சு."

"படத்துல இருக்கறதைத்தான் நான் சொல்லமுடியும்."

"இல்லைன்னு சொல்லலைம்மா. ஒரு தடவை திரும்பப் பாருங்க."

பார்த்தாள், கேட்டுவிட்டாரே என்பதற்காக. அவருடைய போன லோடு வந்ததும் வாசலில் அறுத்த ஐம்பது கிழங்கின் படங்களைத் திரையின் ஒரு பாதியில் வைத்தாள். மூன்றாம் நாள், எண்ணெய்க்குப் போகுமுன் அறுத்த ஐம்பதின் படங்களை மறு பாதியில் வைத்தாள். இரண்டையும் அவள்தான் பார்த்து எழுதியிருந்தாள். ஆனால் அருகருகே வைத்துப் பார்த்ததே இல்லை.

வாசல் படங்களில் பெரிய பெரிய கிழங்குகள், ஒன்றில்கூடக் குழிநெஞ்சு இல்லை. காயவிட்டுச் சட்டென்று நீர் பாய்ச்சினால் பெரிய கிழங்குகள்தான் நடுவில் வெடிக்கும். இவர் அளவாகத் தண்ணீர் விட்டிருக்கிறார். கரும்புள்ளியும் இல்லை. மூன்றாம் நாள் படங்களிலோ பதினாறு கிழங்கில் திட்டு. அடி பட்ட உடனே கருக்காது, ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். மூன்று வாரமாகக் கிடங்கில் அசையாமல் கிடந்த கிழங்கு. வயலில் அடிபட்டிருந்தால் வாசலிலேயே கருப்பாக வந்திருக்கும். அப்படியென்றால் அடி லாரியில் விழுந்திருக்க வேண்டும், அல்லது இங்கே.

மறுநாள் விடியலில் லாரி வந்தது. கிழங்கு கையில் சில்லிட்டது. இறக்கும் முன்பே ஐம்பது கிழங்கைத் தானே கையால் எடுத்து ஒரு கூடையில் வைத்தாள். சறுக்குப்பலகை வழியே விழுந்ததில் இன்னொரு ஐம்பது.

"என்ன அக்கா, கூடையோட கிளம்பிட்டீங்க? வீட்ல பொரியலா?" என்றார் இறக்குமிட மேஸ்திரி.

அவள் பலகையின் அடியில் குனிந்து பார்த்தாள். விழும் இடத்தில் இருந்த ரப்பர் விரிப்பு தேய்ந்து, இரும்பு தெரிந்தது.

"இது எப்ப கிழிஞ்சது?"

"அது ஆகும் ரெண்டு மாசம். மத்தவங்க சரக்குக்கு ஒண்ணும் ஆகலையே!"

மற்றவர்கள் வயலிலிருந்து நேராக, வெதுவெதுப்பாகக் கொண்டுவந்தார்கள். குளிர்ந்த கிழங்குக்கு அடி தாங்காது.

வியாழக்கிழமை அறுத்தாள். கையால் எடுத்ததில் திட்டு இருந்தது ஒன்றே ஒன்று. பலகையில் விழுந்ததில் பத்தொன்பது. படங்களை மேலாளர் முன் வைத்தாள்.

"நீங்கதானே அவர் சரக்குலதான் கோளாறுன்னு கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் அவர்.

"ஆமா சார். புள்ளி நிஜம். யாரால வந்ததுன்னு நான் பார்க்கலை. இப்ப அதையும் எழுதியிருக்கேன்."

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவர் தலையாட்டினார். அந்த வாரமே புது ரப்பர் வந்தது, பலகையைத் தாழ்த்தினார்கள், குளிர்ந்த சரக்கை வெதுவெதுப்பான பிறகே இறக்குவது என்று ஆயிற்று. முந்தைய இரண்டு தீர்ப்பையும் ரத்து செய்தார்கள். அதைச் சொல்ல அவளே விவசாயியைக் கூப்பிட்டாள்.

"சந்தோஷம்மா," என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. "ஆனா நான் நேத்தே சோளத்துக்கு விதை வாங்கிட்டேன். உருளை போதும்னு வீட்ல எல்லாரும் சொல்லிட்டாங்க."

"தப்பு என்னோடதுங்க."

"விடுங்கம்மா. திரும்பப் பார்த்தீங்களே."

வருத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வராதது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

வீட்டில் நாத்தனார் தட்டை வைத்துவிட்டு, "என்ன அண்ணி, இன்னிக்கு முகமே சரியில்லை?" என்றாள்.

"ஒருத்தருக்குத் தப்பா எழுதிட்டேன்," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு மாதத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை. நாத்தனார் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசி முடித்தவள் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள்.